ஏகாதசி மறுநாள் ரத்தப் பரிசோதனை

ஏகாதசிக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், துவாதசி காலை ஏழு மணிக்குப் பாரணைக்கு முன்பே லேபில் ரத்தம் கொடுக்கிறார். 35 மணி நேரப் பட்டினி! வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 முதல் 12 மணி நேரமே போதும். 16-ஐத் தாண்டினால் கணக்கு மாறும்.

கல்லீரலில் சேமித்த கிளைகோஜன் ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறது. அளவு இறங்கும், வழக்கமாக 108 காட்டுபவருக்கு 92 வரலாம், முன்நீரிழிவு மறைந்துபோகும். இன்சுலின் குறைந்தவருக்கோ விடியற்கால ஹார்மோன்கள் கல்லீரலை முடுக்க, எண் ஏறவும் கூடும்.

ரிசல்ட்டில் பட்டினி நேரம் பெரும்பாலும் இருக்காது. மருத்துவரிடம் நாமே சொல்ல வேண்டும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாள் கழித்து, பத்து மணி நேர இடைவெளியில் மறுபடி பார்க்கலாம். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியை ஒருநாள் விரதம் அசைக்காது.