தூக்கத்துக்கும் மார்க் உண்டு!

மூச்சுக் கருவி பொருத்திய நோயாளி கண்மூடிக் கிடந்தால், "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று உறவினர் ஆறுதல் அடைவார்கள். நர்சுக்கோ அதுவே கவலை! மயக்க மருந்து மிஞ்சினால் இருமல் குறையும். கருவியை எடுக்கும் நாளும் தள்ளிப்போகும்.

ஆகவே தூக்கத்துக்கு மார்க் போடுகிறார்கள். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் வகுத்த அளவு இது. அமைதியாக விழித்திருந்தால் பூஜ்யம். முரட்டுத்தனமாகத் துடித்தால் கூட்டல் 4. எதற்கும் அசையாவிட்டால் கழித்தல் 5.

நிமோனியாவால் படுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்காம் நாள் காலை. "ஐயா, கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கள்" என்கிறார் நர்ஸ். அசைவில்லை. தோளைக் குலுக்கியதும் கை மட்டும் நகர்கிறது. மார்க், கழித்தல் 4.

"தூங்கட்டுமே, அம்மா" என்கிறார் மனைவி.

"இது தூக்கமல்ல அம்மா, மருந்தின் மயக்கம்" என்கிறார் நர்ஸ். டாக்டரிடம் சொல்கிறார், மருந்து நிறுத்தப்படுகிறது. சில மணி நேரத்தில், கூப்பிட்டதும் விழித்து, 10 விநாடிக்கு மேல் முகம் பார்க்கிறார் நோயாளி. இப்போது கழித்தல் 1!

சளியும் வாயும்

மருந்து குறைந்ததும் இருமல் வருகிறது. சளி குழாயில் கரகரக்கிறது. திரையில் காற்றுக் கோடு ரம்பப் பல்லைப்போல் நெளிகிறது. இதுவே சளி உறிஞ்சும் நேரம். மணி அடித்தால் உறிஞ்சுவது என்ற வழக்கம் கூடாது. வீணாக உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகும். முதலில் முழு ஆக்சிஜன் கொடுத்து, மெல்லிய குழாயை விட்டு, 15 விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆக்சிஜன் சரியும்.

வாயிலும் ஆபத்து உண்டு. குழாய் இருப்பதால் வாய் மூடாது, காய்ந்து கிருமி பெருகும். அந்த எச்சில் குழாயைச் சுற்றி நுரையீரலுக்குள் கசியும். எனவே தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்கி, எச்சிலை உடனே உறிஞ்சுவார்கள்.

தானாக மூச்சு விடுவாரா?

நோய் தணிந்து, ரத்த அழுத்தம் நிலைத்து, குறைந்த ஆக்சிஜனே போதும் என்றானதும் டாக்டர் பரீட்சை வைக்கிறார். கருவியின் உதவியை மிகக் குறைத்து, 30 நிமிடம் தாமாக மூச்சு விடச் செய்கிறார்கள். இவர் நிமிடத்துக்கு 24 முறை, ஒவ்வொரு முறையும் 0.4 லிட்டர் காற்று இழுக்கிறார். 24-ஐ 0.4-ஆல் வகுத்தால் 60. இந்த எண் 105-ஐத் தாண்டினால் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

எண் மட்டும் போதாது. வியர்வை கொட்டி, கழுத்துத் தசை இழுத்து, மூச்சு 35-ஐத் தாண்டினால் நர்ஸ் டாக்டரை அழைப்பார். கருவியின் உதவி மீண்டும் கூட்டப்படும். தேறினாலும், சளியை இருமித் தள்ளும் பலம் உண்டா என்று பார்த்த பிறகே குழாயை எடுப்பார்கள்.

2000-ல் சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தி எழுப்பியவர்கள் சுமார் 5 நாளில் கருவியை விட்டார்கள். மற்றவர்களுக்கு 7 நாளுக்கு மேல் ஆயிற்று!