கோடா, புள்ளிகளா?

பின்மண்டை முடிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வழுக்கை விழுந்த உச்சியில் கொண்டுபோய் நட்டாலும் அது தன் பழைய சுபாவத்தை விடுவதில்லை. பிறந்த இடத்தில் எப்படி வளர்ந்ததோ, அப்படியே வளரும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் கண்டு சொன்ன இந்த உண்மைதான் இன்றைய முடிமாற்று சிகிச்சைக்கு அடித்தளம். நடுகிற வேலை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எடுக்கிற வேலையில்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன.

தலைமுடி ஒன்றிலிருந்து நான்கு வரை சேர்ந்து, சிறு சிறு கொத்தாக முளைக்கிறது. ஒரு கொத்துதான் ஒரு ‘கிராஃப்ட்’. எஃப்.யூ.டி. முறையில், பின்மண்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமான தோல் பட்டையை வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்புகளை இழுத்துத் தைத்துவிடுவார்கள். பட்டையை உதவியாளர்கள் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பார்கள். எஃப்.யூ.ஈ. முறையில் வெட்டோ தையலோ கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள குழல் கத்தியால் ஒவ்வொரு கொத்தையும் சுற்றித் துளைத்து, தனித்தனியாகப் பிடுங்குவார்கள்.

‘தழும்பே இருக்காது’ என்று எஃப்.யூ.ஈ.க்கு விளம்பரம் செய்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 2,000 கிராஃப்ட் தேவை; பின்மண்டையில் சதுர சென்டிமீட்டருக்கு 80 கொத்துகள் உள்ளன. பட்டை முறையில் 25 சதுர சென்டிமீட்டர் தோல் போதும்: ஒரு காதின் பின்புறமிருந்து மறு காதின் பின்புறம் வரை 25 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலம். நன்றாக ஆறினால் மிஞ்சுவது இரண்டு மில்லிமீட்டர் அகலக் கோடு, அதாவது 5 சதுர சென்டிமீட்டர் தழும்பு. எஃப்.யூ.ஈ.யில் 0.9 மி.மீ. குழல் போடும் 2,000 துளைகளைக் கூட்டினால் சுமார் 13 சதுர சென்டிமீட்டர் காயம். ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஆனாலும் மொத்தத் தழும்பு கோட்டைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தப்புகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சிதறல்தான் எஃப்.யூ.ஈ.யின் பலமும் ஆபத்தும். 2,000 கொத்துகளை நூறு சதுர சென்டிமீட்டரில் பரப்பி எடுத்தால், 80-இல் 20 போகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் 20 எடுத்தால் பாதிதான் மிஞ்சும், பின்மண்டை பூச்சி அரித்த துணி மாதிரி தெரியத் தொடங்கும். அதைத் தவிர்க்க மேலும் கீழும் தள்ளி எடுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அந்த ஓரத்து முடி பிற்காலத்தில் தானே உதிரக்கூடியது. நட்ட இடத்திலும் உதிரும். இன்னொரு சிக்கல், தோலுக்கு அடியில் முடி எந்தச் சாய்வில் போகிறது என்று துளைப்பவருக்குத் தெரியாது. கோணம் பிசகினால் வேர் நடுவில் அறுபடும். எடுத்த கிராஃப்டின் அடியில் வெள்ளைக் குமிழ் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டை முறையின் தொல்லை வேறு. தோல் இறுக்கமாக இருப்பவருக்குத் தையல் இழுபட்டு, கோடு அகலமாகிவிடும். தழும்பு தடித்து வளரும் சுபாவம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

செலவில் பொதுவாக எஃப்.யூ.ஈ. கூடுதல், ஒவ்வொன்றாகத் துளைக்கும் நேரம்தான் காரணம். கணக்குக்காக, பட்டை முறைக்குக் கிராஃப்டுக்கு 40 ரூபாய், எஃப்.யூ.ஈ.க்கு 60 ரூபாய் என்று வைத்தால், 2,000-க்கு 80,000 ரூபாயும் 1,20,000 ரூபாயும் வரும். அழகுக்காகச் செய்யும் முடிமாற்றுக்கு மருத்துவ வரிவிலக்கு கிடையாது, 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 94,400, 1,41,600. விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறலாம். மூன்று முடிக் கொத்தை மூன்றாகப் பிரித்தால் கிராஃப்ட் எண்ணிக்கை மும்மடங்காகும், முடி ஒன்றும் கூடாது. அதனால் கிராஃப்டோடு மொத்த முடி எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

பக்கத்து முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கும், தலைத்தோல் இறுகியவருக்கும், சிறிய பகுதியை மட்டும் நிரப்பப் போகிறவருக்கும் எஃப்.யூ.ஈ. பொருந்தும். முடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்த்துக்கொள்பவருக்குக் கோடு மறைந்துவிடும்; வழுக்கை பெரிதாக இருந்து ஒரே அமர்வில் நிறையத் தேவைப்பட்டால் பட்டை முறையே என் தேர்வு. இன்னும் இளவயது, வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாது என்றால் இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். பின்மண்டைக் கையிருப்பு மறுபடி முளைக்காது. முதலில் பட்டை எடுத்துப் பிறகு தேவைப்படும்போது எஃப்.யூ.ஈ. செய்தால், பழைய கோட்டின் மேலேயே கொஞ்சம் முடி நட்டு அதை மறைக்கவும் முடியும்.