பன்னிரண்டாயிரத்துக்குள் இரண்டு பெட்ரூம்

என் அக்காவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தபோது வாடகை வீடு தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வீட்டு வாடகைத் தளத்தில் ஊர் மதுரை, இரண்டு பெட்ரூம், வாடகை 12,000க்குள் என்று தேர்ந்தெடுத்து, குறைந்த வாடகை முதலில் வரும்படி வரிசைப்படுத்தினேன். நல்ல பட்டியல் ஒன்று வந்தது. மேலே இருந்த லிங்க்கை நகலெடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, நீ அனுப்புனதைத் தொட்டா சென்னையில ஐம்பதாயிரம் ரூபா வீடெல்லாம் வருதுடா. மதுரை எங்க இருக்கு?"

சரி, ஒவ்வொரு வீடாக அனுப்பலாம் என்று மூன்றாவது வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு பேக் பட்டனைத் தட்டினேன். என் திரையிலும் மதுரை போய்விட்டது. நான்கு தேர்வுகளையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. பதினைந்து வீடு பார்த்தால் பதினைந்து முறை.

இணையப் பக்கங்கள் செய்வதுதான் என் தொழில். அதனால் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே என்பது உடனே தெரிந்தது. பட்டியல் மாறிக்கொண்டே இருந்தபோதும் மேலே முகவரிப் பட்டை மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே நின்றது. நான் தேர்ந்தெடுத்ததெல்லாம் அந்தப் பக்கத்தின் தற்காலிக நினைவில் மட்டும் இருந்தது. பேக் பட்டனுக்கும் சரி, வாட்ஸ்அப்பில் போகும் லிங்க்குக்கும் சரி, கைப்பிடி முகவரி ஒன்றுதான். அதில் இல்லாத எதையும் அவற்றால் தூக்கிச் செல்ல முடியாது.

அந்தத் தளம் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் நான்கு தேர்வுகளுக்குப் பிறகு முகவரி ஏறக்குறைய இப்படி மாறியிருக்கும்:

```
https://example.com/veedu?oor=madurai&arai=2&uchcham=12000&varisai=kuraivu
```

கேள்விக்குறி வரைக்கும் இருப்பது எந்தப் பக்கம் என்று சொல்கிறது. அதற்குப் பிறகு வருவது அந்தப் பக்கத்திடம் நாம் கேட்பது. ஒவ்வொரு தேர்வும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் கொண்ட ஜோடி. நடுவில் `=`, ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் இடையில் `&`. ஊர் மதுரை, அறை இரண்டு, உச்ச வாடகை 12,000, வரிசை குறைவிலிருந்து. அக்காவின் போன் இந்த ஒரு வரியைப் படித்தாலே போதும், நான் பார்த்த அதே கேள்வி அங்கேயும் கேட்கப்படும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. இணையத்தின் ஆரம்ப ஆண்டுகளிலேயே ஒரு படிவத்தை நிரப்பி 'தேடு' என்று அழுத்தினால், பிரவுசர் தானாகவே தேர்வுகளை இப்படி முகவரியில் கோத்து, புதுப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. பக்கம் முழுவதும் மறுபடி ஏறும், மெதுவாக இருக்கும். ஆனால் பேக் பட்டன் தவறியதே இல்லை. 2005 வாக்கில், பக்கம் மறுபடி ஏறாமலே உள்ளே இருப்பதை மட்டும் மாற்றும் முறை பரவலானது. வேகம் கிடைத்தது, முகவரி உறைந்துபோனது. அந்த ஆண்டு வந்த கூகுள் மேப்ஸில் வரைபடத்தை இழுத்துப் போகலாம், முகவரி மாறாது. பார்க்கும் இடத்தின் லிங்க் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக வைத்திருந்த ஒரு இணைப்பை அழுத்த வேண்டும். பின்னர் 2010ஐ ஒட்டி, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே முகவரியை மட்டும் மாற்றும் வசதியைப் பிரவுசர்கள் தரத் தொடங்கின. அதன் பெயர் `pushState`. ஆகவே இன்றைக்கு ஒரு தளம் தேர்வுகளை மறக்கிறது என்றால், தொழில்நுட்பம் போதவில்லை என்று சொல்ல இடமில்லை. செய்தவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

அரைகுறையாகச் செய்வதுதான் இதில் அதிகம் நடக்கிறது. தேர்வு மாறும்போது முகவரியை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பேக் பட்டனைத் தட்டினால் மேலே முகவரி ஒரு படி பின்னே போகும், கீழே பட்டியல் அசையாது. ஏனென்றால் `pushState` வழியாக வைத்த படிகளில் பின்னே போகும்போது பிரவுசர் முகவரியை மாற்றிவிட்டு `popstate` என்று ஒரு குரல் மட்டும் கொடுக்கும். அதைக் கேட்டுப் பட்டியலை மாற்றுவது பக்கத்தின் பொறுப்பு. லிங்க்கைப் புதிதாகத் திறப்பவருக்கும் இதே கதை: முகவரியில் மதுரை இருக்கும், அதைப் படிக்கும் வரி பக்கத்தில் இருக்காது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி, திசையைத் திருப்பிவிடுவது. பட்டனைத் தொட்டவுடன் பட்டியலை மாற்றி, பிறகு முகவரியிலும் குறித்துவைப்பது என்ற வரிசை வேண்டாம். முதலில் முகவரி மாறட்டும். பட்டியல் எப்போதும் முகவரியைப் படித்தே வரையப்படட்டும்.

```
function varai() {
  const q = new URLSearchParams(location.search);
  pattiyal(q.get("oor"), q.get("arai"),
           q.get("uchcham"), q.get("varisai"));
}
window.addEventListener("popstate", varai);
varai();
```

இந்தச் சில வரிகளில் `varai` என்பதுதான் வரையும் வேலை. பக்கம் திறந்ததும் ஒருமுறை அது ஓடுகிறது, அது அக்காவுக்காக. பேக் பட்டனைத் தட்டும்போது மறுபடி ஓடுகிறது, அது எனக்காக. நான் ஒரு ஃபில்டரைத் தொட்டாலும் முகவரியை மாற்றிவிட்டு இதையே கூப்பிட வேண்டும். மூன்று வழிக்கும் ஒரே வாசல் என்பதால் மேலே ஒன்று கீழே ஒன்று என்ற பேச்சே வராது.

அடுத்த கேள்விக்கு நிரலைவிட மனிதரைப் பற்றிய கணிப்புதான் அதிகம் தேவை. எந்த மாற்றம் பேக் பட்டனுக்கு ஒரு படியாக வேண்டும்? வாடகையைக் குறிக்கும் இழுவைக் கோடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 30,000லிருந்து விரலை இழுத்து 12,000க்கு வருகிறீர்கள். வழியில் 29,500, 29,000 என்று ஐந்நூறு ஐந்நூறாக 36 மதிப்புகளைத் தாண்டுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வைத்துவிட்டால், முந்தைய நிலைக்குப் போக ஒருவர் 36 முறை பேக் பட்டனைத் தட்ட வேண்டும். நாலைந்து முறை தட்டியதும் தளம் தன்னைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நினைத்து ஜன்னலையே மூடிவிடுவார். பல வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு பக்கத்தில் இது நடந்தது. பயன்படுத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

இதற்காகவே `pushState`க்கு ஒரு தோழன் உண்டு, `replaceState`. முன்னது புதுப் படி வைக்கும். பின்னது இருக்கிற படியிலேயே எழுத்தை மாற்றி எழுதும். விரல் கோட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போது முகவரியைத் தொட வேண்டியதில்லை. விரலை எடுத்ததும் ஒரே ஒரு படி போதும். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வதும் இப்படித்தான். 'அண்ணா நகர்' என்று அடிக்கும்போது முதல் எழுத்துக்குப் புதுப் படி, மற்ற எழுத்துகளெல்லாம் அதன் மேலேயே மாற்றி எழுதப்படலாம். ஊரை மாற்றுவது சந்தேகமில்லாமல் ஒரு படி. வரிசையை மாற்றுவதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கணிப்பில் அதுவும் படிதான், ஏனென்றால் அதைத் தொட்டவுடன் திரையில் இருக்கும் வீடுகளே மாறிவிடுகின்றன. தான் செய்ததாக மனிதர் நினைவில் வைத்திருக்கும் செயல் ஒன்றுக்கு ஒரு படி, அவ்வளவுதான் அளவுகோல்.

பக்க எண்ணில் ஒரு தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் 80 வீடுகள், பக்கத்துக்கு 20. நான்காம் பக்கத்தில் இருக்கிறீர்கள், முகவரியில் `pakkam=4`. இப்போது கார் பார்க்கிங் வேண்டும் என்று ஒரு ஃபில்டரைச் சேர்க்கிறீர்கள். வீடுகள் 31 ஆகக் குறைகின்றன, பக்கங்கள் இரண்டு. முகவரியிலோ இன்னும் நான்கு. 'வீடு எதுவும் இல்லை' என்று திரை சொல்லும், 31 வீடுகள் இருந்தும். எந்த ஃபில்டரைத் தொட்டாலும் பக்க எண்ணை முகவரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்தத் தவறு ஒருவருக்கு வீட்டையே இழக்கவைக்கும் என்பதால் இதை நான் சின்னதாக நினைப்பதில்லை.

மதிப்புகளைத் தமிழிலேயே வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் முகவரிக்குள் தமிழ் எழுத்து நேராகப் பயணிப்பதில்லை. 'மதுரை' என்பது கணினிக்கு ஐந்து குறிகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் `%E0` போல மூன்று எழுத்து. ஆக 45 எழுத்து:

```
%E0%AE%AE%E0%AE%A4%E0%AF%81%E0%AE%B0%E0%AF%88
```

பிரவுசர் பட்டையில் பெரும்பாலும் அழகாக மதுரை என்றே தெரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இந்த நீள வால் வெளிவரும். லிங்க் வேலை செய்யும், பார்ப்பவர்தான் பயந்து தொடாமல் விடுவார். அதனால் நான் `madurai` என்றே எழுதுகிறேன்.

லிங்க் எடுத்துச் செல்வது கேள்வியைத்தான், பதிலை அல்ல. இன்று 31 வீடு காட்டும் லிங்க் அடுத்த வாரம் 26 காட்டலாம், அதுவே சரி. ஆனால் 'என் அருகில்' என்று ஒரு ஃபில்டர் இருந்து, முகவரியில் அப்படியே போனால், கோவையில் திறப்பவருக்குக் கோவை வீடுகள் வரும். பகிரப்படும் லிங்க்கில் இடத்தின் பெயரே நிற்க வேண்டும். போன் நம்பரும் பாஸ்வேர்டும் எக்காரணம் கொண்டும் அங்கே போகக் கூடாது. முகவரி பிரவுசர் வரலாற்றிலும் சர்வர் பதிவேட்டிலும் தங்கும், யாருக்கு வேண்டுமானாலும் ஃபார்வர்டு ஆகும்.

நீங்கள் பார்க்கும் தளம் எப்படி என்று அறிய, இரண்டு ஃபில்டரைப் போட்டுவிட்டு முகவரியை நகலெடுத்து இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். பேக் பட்டனை மட்டும் நம்பிச் சோதித்தால் ஏமாறலாம். விட்டுவந்த பக்கத்தைப் பிரவுசர் சில சமயம் நினைவில் உறையவைத்து அப்படியே திருப்பிக் கொடுக்கும். நினைவகம் தாராளமாக உள்ள கணினியில் தேர்வுகள் பத்திரமாக இருப்பது போலத் தெரியும், குறைந்த விலை போனில் தொலைந்துபோகும். "எனக்குச் சரியா வருதே" என்று தளம் செய்தவரும், "எனக்கு வரலையே" என்று பயனரும் சண்டை போடுவது இங்கேதான். இருவர் சொல்வதும் உண்மை.

அக்காவுக்கு வேறொரு தளத்தில் தேடினேன். முகவரி ஒவ்வொரு தேர்வுக்கும் நீண்டுகொண்டே வந்தது, அதைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. லிங்க்கை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அவளிடமிருந்து ஒரு லிங்க் திரும்பி வந்தது. என் பட்டியலிலேயே வாடகையை 13,500க்கு உயர்த்தி, கார் பார்க்கிங்கை எடுத்துவிட்டிருந்தாள். தொட்டதும் அவள் பார்த்த அதே ஒன்பது வீடுகள், அதே வரிசையில் என் திரையில் வந்தன. "நாலாவது வீட்டைப் பாரு, கே.கே. நகர்ல" என்றாள். பார்த்தேன்.