எல்டிஎச் மட்டும் ஏறியிருந்தால்

38 வயது ஆசிரியை ஒருவர் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். ரிப்போர்ட்டில் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் எல்லாம் இயல்பு. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: எல்டிஎச் 412. இயல்பு அளவு 140 முதல் 280 வரை. இணையத்தில் தேடியதும் 'புற்றுநோய்' என்ற சொல் முதலில் கண்ணில் பட, அன்றிரவு அவர் தூங்கவில்லை.

எல்டிஎச் என்பது லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி. தசை, கல்லீரல், இதயம், நுரையீரல், ரத்தச் சிவப்பணு என ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். ஆகவே இந்த எண் எங்கோ செல்கள் உடைந்ததைச் சொல்லும். எங்கே என்று சொல்லாது.

அவருடைய மருத்துவர் முதலில் கேட்டது, "ரத்தம் எப்படி எடுத்தார்கள்?" என்றுதான். வீட்டுக்கு வந்து எடுத்திருக்கிறார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் ஆய்வகம் போய்ச் சேரவே நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது.

சீரத்தில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேலான எல்டிஎச் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. குழாயில் சில அணுக்கள் உடைந்தாலே அளவு எகிறிவிடும். அதிகமாக உடைந்தால் சீரம் சிவந்து பொட்டாசியமும் கூடும். லேசாக உடைந்தால் எல்டிஎச் மட்டும் ஏறலாம். ஆசிரியை இரண்டு நாள் கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து, ஆய்வகத்துக்கே போய் மறுபடி ரத்தம் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்: 214.

மறுபரிசோதனையிலும் குறையாவிட்டால்தான் உடலுக்குள் தேட வேண்டும். தசைதான் காரணமா என்பதை சிகே பரிசோதனை காட்டும். உடலுக்குள்ளேயே சிவப்பணுக்கள் சிதைகின்றனவா என்பதை ரெட்டிகுலோசைட், பிலிருபின், ஹாப்டோகுளோபின் அளவுகள் சொல்லும். பி12 குறைவையும் மறக்கக் கூடாது. அதில் எலும்பு மஜ்ஜையிலேயே அணுக்கள் முதிராமல் மடிவதால், எல்டிஎச் ஆயிரங்களைக்கூடத் தொடும்.

சிலருக்கு எந்த நோயும் இல்லாமலே அளவு ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். நொதியோடு எதிர்ப்புப் புரதம் ஒட்டிக்கொள்வதால் அது ரத்தத்திலிருந்து எளிதில் வெளியேறாது. இதற்கு மேக்ரோ எல்டிஎச் என்று பெயர். எலக்ட்ரோபோரசிஸ் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம், சிகிச்சை தேவையில்லை.

லிம்போமா போன்ற புற்றுநோய்களிலும் எல்டிஎச் ஏறும் என்பது உண்மை. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு செய்ய முடியாது. மறுபரிசோதனையிலும் அளவு ஏறிக்கொண்டே போனாலோ, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடை இழப்பு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி என ஏதாவது இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு முறை, சரியாக எடுத்த ரத்தத்தில் எல்டிஎச் பாருங்கள்.