லேட் ஃபீ தப்பா? முதலில் மூன்று தேதிகளை எடுங்கள்

ஜி.எஸ்.டி. ரிட்டர்னைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடலாம் என்று கணினியைத் திறக்கிறார் ஒரு கடைக்காரர். GSTR-3B படிவத்தில் வரி கட்டும் அட்டவணைக்கு மேலே, 5.1 என்ற பகுதியில், Late Fee என்று ஒரு தொகை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவர் அடித்தது இல்லை. அழிக்கவும் முடியவில்லை. 'இன்னும் கெடுவே முடியலையே, அதுக்குள்ள அபராதமா?' என்று ஆடிட்டருக்குப் போன் போகிறது.

அந்தத் தொகை இந்த மாதத்துக்கானது அல்ல. போன மாதத்து ரிட்டர்னுக்கானது. ஒரு ரிட்டர்ன் எத்தனை நாள் பிந்தியது என்பது அதைப் போட்டு முடித்த பிறகுதான் போர்ட்டலுக்குத் தெரியும். எனவே அப்போது கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த மாத ரிட்டர்னில் கொண்டுவந்து சேர்க்கிறது. புகார் எழுத உட்காருபவர்களில் பலர் தப்பான மாதத்தைப் பற்றி எழுதுவது இதனால்தான்.

கணக்கு எளிமையானது. GSTR-3B-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. வரியே இல்லாத 'நில்' ரிட்டர்னுக்கு 20 ரூபாய். 2021 ஜூன் மாத ரிட்டர்னிலிருந்து உச்சவரம்பும் உண்டு: நில் ரிட்டர்னுக்கு 500 ரூபாய், ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்கு 2,000 ரூபாய். ஆகவே திரையில் தெரியும் தொகையை 50-ஆல் வகுத்தாலே, போர்ட்டல் எத்தனை நாளைத் தாமதமாக எண்ணியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த நாள்களைப் போன மாத ரிட்டர்ன் போட்ட தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அது எந்தத் தேதியைக் கெடுவாக வைத்துக்கொண்டது என்பதும் தெரியும். சண்டையே அந்தத் தேதியில்தான்.

பெரும்பாலும் போர்ட்டல் சரியாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் அடிக்கடி கேள்விப்படும் வாதம் இது: 'பதினெட்டாம் தேதியே சலான் கட்டிட்டேன், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு.' சலான் கட்டினால் பணம் உங்கள் கேஷ் லெட்ஜரில் போய்க் கிடக்கும், அவ்வளவுதான். அதை எடுத்து வரியில் கழித்து, ஓ.டி.பி. போட்டு, ARN என்ற ஒப்புகை எண் வந்தால்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கணக்கு. சலான் 18-ஆம் தேதி, ARN 23-ஆம் தேதி என்றால் மூன்று நாள் தாமதம். 150 ரூபாய் நியாயமானதுதான். பாதியில் சேமித்து வைத்த ரிட்டர்னுக்கும் இதே கதி. பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் இணைத்துப் புகார் எழுதினால், தாமதத்தை நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

போர்ட்டல் உண்மையிலேயே தப்பாகக்கூடிய இடம், கெடு நீட்டிக்கப்படும்போது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நவம்பர் மாத GSTR-3B-க்குக் கெடு டிசம்பர் 20. கடைக்குள் தண்ணீர் நிற்கும்போது யார் ரிட்டர்ன் போடுவது? திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு அந்தக் கெடுவை 2024 ஜனவரி 10 வரை நீட்டி, மத்திய வரி அறிவிக்கை எண் 01/2024 வந்தது. அதன் தேதி 2024 ஜனவரி 5. பழைய கெடு முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் புதிய கெடுவே பிறந்தது.

தூத்துக்குடியில் ஒரு இரும்புக் கடை என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் ரிட்டர்னை ஜனவரி 2-ஆம் தேதி போட்டிருக்கிறார்கள். அன்றைய நிலவரப்படி 13 நாள் தாமதம், 650 ரூபாய். மூன்று நாள் கழித்து அறிவிக்கை வந்ததும் தாமதமே இல்லை என்றாகிவிட்டது. போர்ட்டலின் கணக்கில் புதிய தேதி ஏறாமல் போயிருந்தால், ஜனவரி 18-இல் டிசம்பர் ரிட்டர்ன் போடப் போகும்போது அந்த 650 ரூபாய் வந்து நிற்கும்.

இங்கே சிலர் 'திருத்தினால்தான் ரிட்டர்ன் போடுவேன்' என்று பிடிவாதமாக இருந்துவிடுவார்கள். லேட் ஃபீ கட்டாமல் ரிட்டர்ன் போகாது; போகாமல் 20-ஆம் தேதி தாண்டினால் புதிதாக, நியாயமாகவே, நாளுக்கு 50 ரூபாய் ஏறத் தொடங்கும். எனவே முதலில் திரையைப் படமெடுத்துக்கொண்டு, கட்டி, ரிட்டர்னைப் போட்டுவிட வேண்டும். பிறகு புகார். லேட் ஃபீயை ரொக்கமாகத்தான் கட்ட முடியும், உள்ளீட்டு வரிக் கடனில் கழிக்க முடியாது என்பதால் பணம் கையைவிட்டுப் போகத்தான் செய்யும்.

சான்றாக நான்கு தாள் போதும். போட்டு முடித்த நவம்பர் ரிட்டர்னின் பி.டி.எஃப்.; அதன் மேற்பகுதியில் Date of ARN என்று தேதி அச்சாகியிருக்கும். லேட் ஃபீ ஏறிய டிசம்பர் ரிட்டர்னின் பி.டி.எஃப். அறிவிக்கையின் நகல். நான்காவதாக, பலர் மறந்துவிடும் பதிவுச் சான்றிதழ். நீட்டிப்பு, அந்த மாவட்டங்களில் முதன்மை வியாபார இடம் உள்ளவர்களுக்குத்தான். பதிவு மதுரையிலும் கிளை தூத்துக்குடியிலும் என்றால் இந்தச் சலுகை கிடையாது. வெள்ளப் படங்கள் எதற்கும் உதவாது. கேள்வி தேதியைப் பற்றியது மட்டுமே.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, எங்கள் கடையின் முதன்மை வியாபார இடம் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. நவம்பர் 2023-க்கான GSTR-3B-ஐ 02.01.2024 அன்று தாக்கல் செய்தோம். அறிவிக்கை 01/2024-இன்படி அதற்கான கெடு 10.01.2024. ஆயினும் 20.12.2023-ஐக் கெடுவாகக் கொண்டு 13 நாளுக்கு ரூ.650 (மத்திய 325, மாநில 325) டிசம்பர் 2023 ரிட்டர்னில் சேர்க்கப்பட்டு, 18.01.2024 அன்று எங்கள் கேஷ் லெட்ஜரிலிருந்து கழிக்கப்பட்டது. இத்தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டுகிறோம். ஆவணங்கள் நான்கு இணைப்பில்."

ஜி.எஸ்.டி. எண்ணும் இரண்டு ரிட்டர்ன்களின் ARN எண்களும் தலைப்பிலேயே வர வேண்டும். மென்பொருள் சரியில்லை, எவ்வளவு அலைச்சல் என்பதெல்லாம் வேண்டாம். படிப்பவர் மூன்று தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு கழித்தல் கணக்குப் போட்டால் முடிந்துவிட வேண்டும்.

இதை selfservice.gstsystem.in தளத்தில் பதிந்தால் டிக்கெட் எண் ஒன்று கிடைக்கும். போர்ட்டலுக்குள்ளேயே PMT-07 என்று ஒரு குறைதீர் படிவம் உண்டு; பெயரைப் பார்த்து அதில் போய் எழுதிவிடாதீர்கள். பேங்கில் பணம் கழிந்து லெட்ஜரில் ஏறாமல் போன சிக்கலுக்கானது அது. டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, அதே கடிதத்தின் நகலை உங்கள் வட்ட வரி அலுவலகத்திலும் கொடுத்து, முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ரீஃபண்ட் கேட்க வேண்டி வந்தால் அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு.

பணம் திரும்பினால் பேங்க் கணக்கில் தேடாதீர்கள். 2017-இல் தொடக்க மாதங்களின் லேட் ஃபீயை அரசு தள்ளுபடி செய்தபோது, கட்டியவர்களுக்கு அது கேஷ் லெட்ஜரிலேயே, அதுவும் Fee என்ற பத்தியில் இல்லாமல் Tax என்ற பத்தியில், வரவு வைக்கப்பட்டது. அடுத்த மாத வரிக்கு அதை அப்படியே கழித்துக்கொள்ளலாம்.