சிறுகதையில் வெளிப்பாட்டுக் கணம்: ஜேம்ஸ் ஜோய்ஸின் 'அராபி'யை முன்வைத்து ஒரு விளக்கம்

சிறுகதை ஒன்றின் உச்சக்கட்டத்தை விளக்குமாறு வினா வந்தால், மாணவர்களிற் பலர் கதைக்குள் ஒரு பெரிய சம்பவத்தைத் தேடுகின்றனர். ஒரு மரணம், ஒரு பிரிவு, ஒரு சண்டை என ஏதாவது கிடைத்தால் அதனை எழுதிவிடுகின்றனர். கிடைக்காவிட்டால் 'இக்கதையில் உச்சக்கட்டம் தெளிவாக இல்லை' என்று முடித்து விடுகின்றனர். ஆனால் பெரிய சம்பவம் எதுவும் நிகழாமலே உச்சத்தைத் தொடும் கதைகள் உண்டு. யாரோ இருவர் பேசிக்கொள்வதைக் கேட்பதோ, ஒரு விளக்கு அணைவதோ போதும். அந்தச் சிறு கணத்தில் பாத்திரத்துக்குத் தன்னைப் பற்றிய உண்மை புலனாகிவிடும். இதனை ஆங்கில விமரிசகர்கள் 'எபிபனி' என்பர். தமிழில் 'வெளிப்பாட்டுக் கணம்' எனலாம்.

இச்சொல் கிறித்தவ சமயத்திலிருந்து வந்தது. ஜனவரி 6ஆம் திகதி கொண்டாடப்படும் திருக்காட்சித் திருநாளின் பெயர் அது. கிழக்கிலிருந்து ஞானிகள் தேடி வந்து கண்டது வெளிப்பார்வைக்கு ஓர் ஏழைத் தாயின் குழந்தையை. அவர்களுக்கு வெளிப்பட்டதோ வேறு. சாதாரணமான ஒன்றினூடாக அதனினும் பெரிதான ஒன்று தோன்றுதல் என்ற இந்தக் கருத்தை, அயர்லாந்து எழுத்தாளரான ஜேம்ஸ் ஜோய்ஸ் (1882–1941) இலக்கியத்துக்குக் கொண்டு வந்தார். அவர் மறைந்த பின் 1944இல் வெளிவந்த 'ஸ்டீபன் ஹீரோ' என்னும் முற்றுப்பெறாத நாவலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. அதில் வரும் இளைஞன் டப்ளின் நகரத் தெருவொன்றில் நடந்து போகும்போது, வீட்டுப் படியில் நிற்கும் ஓர் இளம்பெண்ணும் ஓர் ஆடவனும் பேசுவது அரைகுறையாகக் காதில் விழுகிறது. பேச்சில் ஒரு விசேடமும் இல்லை. ஆயினும் அது அவன் மனதைத் தாக்குகிறது. இத்தகைய கணங்களை எழுத்தாளன் கவனமாகக் குறித்து வைக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான். படியில் நின்ற அந்த இருவரையும் நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் அவர்களைப் போன்றவர்களை மீண்டும் சந்திப்போம்.

இனி, 'அராபி' என்னும் கதையை நோக்குவோம். 1914இல் வெளியான 'டப்ளின் நகரத்தார்' என்ற தொகுதியில் உள்ள பதினைந்து கதைகளில் இது மூன்றாவது. அராபி என்ற பெயரில் ஒரு சந்தைக் கண்காட்சி 1894ஆம் ஆண்டு மே மாதத்தில் டப்ளினில் உண்மையிலேயே நடைபெற்றது. அப்போது ஜோய்ஸுக்கு வயது 12.

கதையைச் சொல்பவன் ஒரு சிறுவன். மாமா, மாமி வீட்டில், ஒரு முட்டுச்சந்துத் தெருவில் வாழ்கிறான். நண்பன் மங்கனின் அக்கா மீது அவனுக்கு ஒரு மயக்கம். காலையில் சன்னல் திரையைச் சிறிது இடைவெளி மட்டும் விட்டு இறக்கி, அவள் வாசலில் தோன்றும் வரை காத்திருந்து, பின்னால் நடப்பான். சில சாதாரண வார்த்தைகளைத் தவிர அவளோடு பேசியதில்லை. மாமியோடு சந்தைக்குப் போய்ச் சாமான் சுமக்கும்போதுகூட, குடிகாரர்களும் பேரம் பேசுவோரும் நிறைந்த அந்த நெரிசலின் நடுவே, பூசைப் பாத்திரம் ஒன்றைப் பகைவரிடமிருந்து காத்துச் செல்வதாக அவன் கற்பனை செய்கிறான். ஒரு நாள் அவளே பேசுகிறாள். அராபிக்குப் போவாயா என்று கேட்கிறாள். அவளுக்குப் போக ஆசை. ஆனால் கன்னியர் மடப் பாடசாலையில் அந்த வாரம் தியானம். போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருவேன் என்று அவன் சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகு படிப்பில் மனம் இல்லை. அராபி என்ற சொல்லே கீழைத்தேசத்து மாயம்போல அவனைச் சூழ்ந்துகொள்கிறது.

சனிக்கிழமை இரவு மாமா ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். காசு கொடுப்பதாகச் சொன்னதையே மறந்துவிட்டார். பிறகு ஒரு புளோரின் கொடுக்கிறார். ஒரு புளோரின் என்பது இரண்டு சில்லிங். அக்காலக் கணக்கில் 24 பென்ஸ். ஆளில்லாத ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தனியே ஏறி, பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்கிறான். ஆறு பென்ஸ் வாயிலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூடிவிடுமோ என்ற பயத்தில் ஒரு முழுச் சில்லிங், அதாவது 12 பென்ஸ் கொடுத்து உள்ளே நுழைகிறான். கதையின் முடிவில் அவனது சட்டைப்பைக்குள் ஒலிப்பன ஓர் ஆறு பென்ஸ் நாணயமும் இரண்டு தனிப் பென்ஸ்களும். கூட்டிப் பாருங்கள்: எட்டு. நுழைவுக்குப் பன்னிரண்டு போக, மிச்சம் நான்கு பென்ஸ் ரயிலுக்குப் போயிருக்க வேண்டும். ஆசிரியர் இந்தக் கணக்கை எங்கும் வெளிப்படையாகப் போட்டுக் காட்டவில்லை. பரிசு வாங்க வந்தவனின் காசு, பரிசைக் காணும் முன்பே பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதை நாணயங்களின் ஒலியால் மட்டுமே உணர்த்துகிறார்.

உள்ளே பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கின்றன. பூசை முடிந்த கோயிலில் உள்ளது போன்ற அமைதி. ஓரிடத்தில் இருவர் தட்டில் காசு எண்ணுகிறார்கள். திறந்திருக்கும் ஒரு கடையில் பீங்கான் சாடிகளும் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகளும். வாசலில் அக்கடைப் பெண் இரண்டு ஆடவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறாள். நீ சொன்னாய், நான் சொல்லவில்லை, பொய் என்கிற அளவிலான அரட்டை. பேச்சின் சாயல் இங்கிலாந்துச் சாயல். அவனைக் கண்டு வந்து, ஏதாவது வாங்கப் போகிறாயா என்று கேட்கிறாள்; கடமைக்காகக் கேட்பது அவள் குரலில் தெரிகிறது. வேண்டாம் என்கிறான். அவள் மீண்டும் அரட்டைக்குத் திரும்புகிறாள். வாங்குவதில் உண்மையாகவே ஆர்வம் உள்ளவன்போலச் சற்று நேரம் நின்றுவிட்டு அவன் நகர்கிறான். மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து விளக்கு அணைந்துவிட்டது என்று ஒரு குரல் கேட்கிறது. மேற்பகுதி இருளாகிறது. அந்த இருளை அண்ணாந்து பார்க்கும்போது, வெற்றுப் பெருமையால் விரட்டப்பட்டு ஏளனத்துக்கு ஆளான ஒரு பிராணியாகத் தன்னை அவன் காண்கிறான். கண்கள் வேதனையிலும் கோபத்திலும் எரிகின்றன. கதை அவ்வளவுதான்.

எது வெளிப்பாட்டுக் கணம்? பலர் 'விளக்கு அணைந்த கணம்' என்று எழுதுவர். அது தவறல்ல; ஆனால் பாதி விடைதான். இருள் வந்த பின் அவன் தன்னைக் காண்கிறான். காண்பதற்குரிய பொருளைக் கொடுத்தது அதற்கு முந்திய அரட்டை. யோசித்துப் பாருங்கள். மங்கனின் அக்காவோடு அவன் பேசியதாகக் கதையில் காட்டப்படும் பேச்சு என்ன? சந்தைக்குப் போவாயா, போனால் ஏதாவது வாங்கி வருவேன். அதனை அவன் மந்திரம்போல மனதில் வைத்திருந்தான். கடை வாசலில் ஒரு பெண்ணும் ஆண்களும் பேசும் பொருளற்ற பேச்சைக் கேட்டபோது, தன் புனிதமான உரையாடலும் இதே இனத்தைச் சேர்ந்ததுதானோ என்ற எண்ணம் எழ இடமுண்டாகிறது. இதை ஜோய்ஸ் சொல்வதில்லை. இரண்டு பேச்சுக்களையும் கதையில் வைத்துவிட்டு, ஒப்பிடும் வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறார். 'ஸ்டீபன் ஹீரோ'வின் படியில் நின்ற இருவர் இங்கே கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சிறு கணம் பெரும் பாரத்தைத் தாங்குவது இதனால்தான். அக்கணம் புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை. கதையில் முன்பே வந்தவை அங்கே மறுமுகம் காட்டுகின்றன. பூசைப் பாத்திரத்தைச் சுமந்ததாக நினைத்தவன் வந்து சேர்ந்த இடம், பூசை முடிந்த கோயில்போல வெறுமையாகி, உள்ளே காசு எண்ணும் ஒலி கேட்கும் ஓர் இடம். கீழைத்தேச மாயமாய்த் தோன்றிய அராபியில் மிச்சமாக நிற்பவை கடை வாசலின் இருபுறமும் கீழைத்தேசக் காவலர்போல் நிற்கும் இரண்டு பெரிய சாடிகள். விற்பவளோ இங்கிலாந்துச் சாயலில் பேசுகிறாள். முன்பகுதியை வெட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தால், கடை மூடும் நேரத்தில் ஒரு பையன் எதுவும் வாங்காமல் திரும்பினான் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஒரு கணம் உண்மையில் வெளிப்பாட்டுக் கணமா என்று சோதிக்க இது நல்ல வழி.

இதனைத் திடீர்த் திருப்பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'அட்டியல்' (1884) கதையின் முடிவில், இரவல் வாங்கித் தொலைத்த நகை போலியானது என்று தெரிய வருகிறது. அது பாத்திரம் அறியாதிருந்த ஒரு செய்தி. வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அராபி'யில் புதிய செய்தி எதுவும் வரவில்லை. சிறுவனுக்குத் தெரிந்திருந்த விடயங்களே வேறு விதமாகத் தெரிகின்றன.

விடை எழுதும்போது மற்றொன்றையும் கவனியுங்கள். 'சிறுவன் காதல் பொய் என உணர்ந்தான்' என்று எழுதினால் புள்ளி குறையும். கதை அப்படிச் சொல்லவில்லை. அவன் கண்டது காதலையன்று, தன்னையே. மேலும் அந்தக் கடுமையான இறுதி வாக்கியம் ஒரு சிறுவனின் மொழியன்று. வளர்ந்த பின் திரும்பிப் பார்ப்பவனே இறந்தகாலத்தில் கதை சொல்கிறான். பிராணி, வெற்றுப் பெருமை என்ற சொற்கள் அவனுடைய தீர்ப்பு. அத்தீர்ப்பு சிறுவனுக்கு மிகக் கொடியது என்பது என் கருத்து. வாங்கித் தருவேன் என்று சொல்லி, இரவில் தனியே ரயிலேறி வந்த பிள்ளையிடம் அன்பே இல்லை என்று எவ்வாறு சொல்வது? உங்கள் கருத்து வேறாயின் அதனை எழுதலாம். காரணம் கதைக்குள்ளிருந்து வர வேண்டும்.

கடைசியாக, வெளிப்பாடு எப்போதும் பாத்திரத்துக்குத்தான் நிகழும் என்றில்லை. அதே தொகுதியில் 'களிமண்' என்றொரு கதை உண்டு. மரியா என்னும் மணமாகாத மூத்த பெண், பண்டிகை இரவில் தனக்குப் பழக்கமான குடும்பத்தாரின் வீட்டுக்குப் போகிறாள். கண்ணைக் கட்டி, தட்டுக்களில் உள்ளதைத் தொடும் விளையாட்டில் அவள் கை ஈரமான, மென்மையான ஏதோ ஒன்றின் மீது படுகிறது. அறையில் ஒரு கணம் பேச்சு நிற்கிறது, பின் முணுமுணுப்பு. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கடிந்துகொள்ள, விளையாட்டு மீண்டும் நடக்கிறது. இம்முறை செபப்புத்தகம் கிடைக்கிறது. தொட்டது களிமண் என்பதும், அவ்விளையாட்டில் அது மரணத்தின் அறிகுறி என்பதும் அவளுக்குத் தெரியாது. கதைத் தலைப்பை வாசித்த நமக்குத் தெரியும். பின்னர் அவள் பாடும்போது, காதலர்களைப் பற்றிய இரண்டாம் அடிகளை விட்டுவிட்டு முதல் அடிகளையே மறுபடி பாடுகிறாள். தவறை எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. இங்கே வெளிப்பாடு முழுவதும் வாசகருடையது. இத்தகைய கதைக்கு விடை எழுதும்போது 'மரியா தன் நிலையை உணர்ந்தாள்' என எழுதிவிடாதீர்கள். அறையில் இருந்தவர்கள் ஏன் பேசாது இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.