கம்பியருகே காந்த ஊசி எந்தப் பக்கம் திரும்பும்?

ஒரு திசைகாட்டி, இரண்டு டார்ச் செல்கள், ஒரு பழைய இழை பல்பு, ஒன்றரை மீட்டர் வயர். இவ்வளவு கையில் இருந்தால், 1820-இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட் கண்டதை வீட்டு மேசையிலேயே காணலாம். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி தன் வடதிசையை விட்டு விலகி நிற்கும்.

ஊசி திரும்புவதைப் பார்ப்பது எளிது. சுவிட்சைப் போடும் முன்பே "மேற்குப் பக்கம், சுமார் எட்டு டிகிரி" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்படிச் சொல்ல முயலும்போது புதிதாகப் படிப்பவர்களுக்கு எழும் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

ஊசியைக் கம்பி தன் பக்கம் இழுக்கிறதா?

இல்லை. பெரும்பாலான தவறான விடைகள் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. சட்டக் காந்தத்தைக் கொண்டுபோனால் அதன் முனை ஊசியின் முனையை இழுக்கும் அல்லது தள்ளும். நேரான கம்பிக்கு அப்படி முனைகள் கிடையாது. அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் வளையல் போல வட்டமாக இருக்கும். ஊசி அந்த வட்டத்தில் தான் நிற்கும் இடத்தில் புலம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே "கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்பதை விட்டு, "ஊசி இருக்கும் இடத்தில் கம்பியின் புலம் எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்க வேண்டும்.

அந்தத் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வலது கைப் பெருவிரல் விதி போதும். வலது கையால் கம்பியைப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் மின்னோட்டம் போகும் பக்கம் நீண்டிருக்கட்டும். மடங்கிய மற்ற விரல்கள் புலம் சுற்றும் திசையைக் காட்டும்.

மின்னோட்டத்தின் திசை என்பது செல்லின் நேர்முனையிலிருந்து வெளிச்சுற்று வழியாக எதிர்முனைக்குப் போகும் திசை. எலக்ட்ரான்கள் இதற்கு எதிராக ஓடுகின்றன என்று படித்தவர்கள் சிலர் அந்தத் திசையில் பெருவிரலை நீட்டிவிடுவார்கள். அப்போது விடை அப்படியே தலைகீழாகும்.

இப்போது ஒரு சோதனை. கம்பி தெற்கு வடக்காக, திசைகாட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. பெருவிரலை வடக்கே நீட்டினால், கம்பிக்குக் கீழே வரும் விரல்கள் மேற்கைக் காட்டும். ஊசி கீழேதான் இருக்கிறது. ஆகவே அதன் வடமுனை மேற்குப் பக்கம் விலகும். அதே கம்பியைத் திசைகாட்டிக்கு அடியில் வைத்தால் ஊசி கம்பிக்கு மேலே வந்துவிடுகிறது. அங்கே புலம் கிழக்கே போவதால் ஊசியும் கிழக்கே விலகும். மின்னோட்டம் மாறவில்லை, இடம் மாறியது, விடையும் மாறியது.

மேற்கே புலம் இருந்தால் ஊசி மேற்கையே நோக்கி நிற்க வேண்டாமா?

கம்பியின் புலம் மட்டும் இருந்தால் அப்படித்தான் நிற்கும். ஆனால் பூமியின் காந்தப்புலம் எப்போதும் ஊசியை வடக்கே பிடித்துவைத்திருக்கிறது. ஊசி இரண்டையும் கூட்டினால் வரும் திசையில் நிற்கும். பூமி வடக்கே இழுக்க, கம்பி மேற்கே இழுக்க, ஊசி நடுவில் வடமேற்காகச் சாயும். எவ்வளவு சாயும் என்பது இரண்டில் எது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் பூமியின் புலத்தில் கிடைமட்டமாக இருக்கும் பகுதி சுமார் 40 மைக்ரோடெஸ்லா. நீண்ட நேரான கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், அதிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் புலம் 20 மைக்ரோடெஸ்லா. மின்னோட்டம் இரட்டித்தால் புலமும் இரட்டிக்கும். தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

நம் மேசைக்கு வருவோம். பல்பின் அடியில் 0.3 A என்று பொறித்திருக்கிறது. வயர் ஊசிக்கு மேலே 1 சென்டிமீட்டர் உயரத்தில், தெற்கு வடக்காக இருக்கிறது. 1 ஆம்பியருக்கு 20 என்றால் 0.3 ஆம்பியருக்கு 6 மைக்ரோடெஸ்லா. வடக்கே 40, மேற்கே 6.

இனி வாய்பாடு இல்லாமலே கோணத்தைக் காணலாம். ஒரு தாளில் வடக்கே 40 மில்லிமீட்டர் கோடு போடுங்கள். அதன் நுனியிலிருந்து மேற்கே 6 மில்லிமீட்டர் கோடு போடுங்கள். தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் சேர்த்தால் ஊசி நிற்கும் திசை கிடைக்கும். வடக்கிலிருந்து அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாகைமானியால் அளந்தால் எட்டரை டிகிரி அளவில் வரும். முக்கோணவியல் தெரிந்தவர்கள் இதையே இப்படி எழுதுவார்கள்:

tan θ = 6 / 40

இதே கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் கம்பியின் புலமும் 40 ஆகிவிடும். இரண்டும் சமம் என்பதால் ஊசி சரியாக 45 டிகிரியில் நிற்கும். மின்னோட்டத்தை இன்னும் எவ்வளவு கூட்டினாலும் ஊசி மேற்கை நெருங்கிக்கொண்டே போகுமே தவிர 90 டிகிரியை எட்டாது. வடக்கே போட்ட 40 மில்லிமீட்டர் கோடு எப்போதும் படத்தில் இருக்கும்.

கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்தேன். ஊசி அசையவே இல்லை. என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை. கம்பி திசைகாட்டிக்கு மேலே இருந்து, மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் போனால், கீழே புலம் வடக்கே போகும். பூமியின் புலமும் வடக்கே. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் ஊசி திரும்பக் காரணமே இல்லை. முன்பைவிட உறுதியாக வடக்கைப் பிடித்துக்கொள்ளும்.

மின்னோட்டம் மேற்கு நோக்கிப் போனால் கம்பியின் புலம் தெற்கே போகும். அது 40-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை பூமியே வெல்லும், ஊசி வடக்கிலேயே நிற்கும். 40-ஐத் தாண்டினால், லேசாக ஒரு தட்டுத் தட்டியதும் ஊசி முழுக்கச் சுழன்று தெற்கைப் பார்க்கும். 0.3 ஆம்பியர் பல்பை வைத்துக்கொண்டு 1 சென்டிமீட்டர் தூரத்தில் இதைக் காண முடியாது. 6 எங்கே, 40 எங்கே!

இன்னொரு இடத்திலும் ஊசி சும்மா இருக்கும். தெற்கு வடக்கான கம்பியைத் திசைகாட்டிக்கு மேலே வைக்காமல், ஊசி இருக்கும் அதே உயரத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டப் புலம் அங்கே மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ போகும். ஊசியால் கிடைமட்டமாகத்தான் சுழல முடியும். ஆகவே அது திரும்பாது, ஒரு முனை சற்றே தாழப் பார்க்கும், அவ்வளவுதான்.

கம்பி செங்குத்தாக நின்றால்?

மின்னோட்டம் மேல்நோக்கிப் போவதாகக் கொள்வோம். பெருவிரலை மேலே நீட்டினால், மேலிருந்து பார்க்கும்போது விரல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கம்பிக்கு வடக்கே வைத்த ஊசி மேற்கே விலகும், தெற்கே வைத்த ஊசி கிழக்கே விலகும். கம்பிக்குக் கிழக்கே வைத்தால் புலமே வடக்கு நோக்கியிருப்பதால் ஊசி அசையாது. மேற்கே வைத்தால் புலம் தெற்கு நோக்கியிருக்கும். அங்கே முன்பு சொன்ன போட்டிதான், எது பெரியதோ அது வெல்லும். ஒரே கம்பி, நான்கு பக்கம், நான்கு விடை. "தெற்கிலிருந்து வடக்கு, மேலே கம்பி, விலகல் மேற்கு" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கணக்குப்படி எட்டரை வர வேண்டும். எனக்குப் பதினைந்து வருகிறதே?

முதலில் செல்களின் முனைகளை மாற்றி இணைத்து மீண்டும் அளந்து பாருங்கள். மேற்கே எவ்வளவு விலகியதோ அவ்வளவே கிழக்கேயும் விலக வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அருகில் இரும்போ காந்தமோ இருக்கிறது, அல்லது மின்னோட்டம் இல்லாதபோது ஊசி காட்டிய கோட்டுக்குக் கம்பி இணையாக இல்லை. செல்போன், கத்தரிக்கோல், இரும்பு மேசை எல்லாமே ஊசியைக் கெடுக்கும். டார்ச் செல்லின் மேலுறையே பெரும்பாலும் இரும்புத் தகடுதான், அதனால் செல்கள் திசைகாட்டியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் கோணம் பெரிதாக வந்தால் தூரத்தைப் பாருங்கள். திசைகாட்டியின் கண்ணாடியிலிருந்து அளக்கக் கூடாது. ஊசியிலிருந்து வயரின் மையம்வரை அளக்க வேண்டும். ஒன்றை அரையாகக் கொண்டால் கணக்கு இரட்டிப்பாகத் தவறும்.

ஊசி அசையவே இல்லையென்றால், திரும்பிப் போகும் வயர் முதல் வயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். எதிரெதிராக ஓடும் இரண்டு மின்னோட்டங்களின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது. ஆபத்து ஒருபுறம் இருக்க, நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும் மின்னோட்டத்துக்கு ஊசி ஈடுகொடுத்துத் திரும்பவும் முடியாது. பல்பு இல்லாமல் செல்லை நேரடியாக இணைத்தால் ஊசி வேகமாகத்தான் திரும்பும். ஆனால் வயரும் செல்லும் சூடாகி, மின்னோட்டம் நொடிக்கு நொடி இறங்கும், எந்த எண்ணை வைத்துக் கணக்கிடுவது?

வயரைத் திசைகாட்டியைச் சுற்றிச் சுருளாகச் சுற்றினால் மேலே போவதும் கீழே வருவதும் அழிந்துவிடாதா?

நல்ல கேள்வி. மேலே வடக்கு நோக்கிப் போகும் கம்பி ஊசியை மேற்கே தள்ளும் என்று பார்த்தோம். அடியில் வடக்கு நோக்கிப் போனால் கிழக்கே தள்ளும். சுருளில் அடிக்கம்பி திரும்பி வருகிறது, அதாவது தெற்கு நோக்கிப் போகிறது. ஆகவே அதுவும் மேற்கேதான் தள்ளும். இடமும் மாறி, மின்னோட்டத் திசையும் மாறுவதால் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து பழைய பக்கத்துக்கே வந்துவிடுகின்றன. ஊசி நடுவில் இருப்பதால் அழியாமல் கூடுகிறது.

ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். மேலே ஐந்து, கீழே ஐந்து, மொத்தம் பத்துக் கம்பிகள். எல்லாமே ஊசியிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் பத்து ஆறு 60 மைக்ரோடெஸ்லா. ஒரு கம்பிக்கு எட்டரை டிகிரி என்றால் பத்துக் கம்பிக்கு எண்பத்தைந்து என்று சொல்லத் தோன்றும். தாளை எடுத்து வடக்கே 40, மேற்கே 60 போட்டு அளந்து பாருங்கள்: 56 டிகிரிதான் வரும். புலங்கள்தான் கூடுகின்றன, கோணங்கள் கூடுவதில்லை. அந்த 56-ஐத் தாளில் எழுதி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.